பத்தும் பன்னிரண்டும் சேர்ந்தால் ஏன் அறுபது?

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஜொகூரின் பண்டார் தெங்காராவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சீனர். இருவரும் 1966 மே மாதம் பிறந்தவர்கள். 2026 மே மாதம் தமிழர் வீட்டில் அறுபதாம் கல்யாணம். அவர் பிறந்த பராபவ ஆண்டு திரும்பவும் வந்துவிட்டது. சீனரோ, "நான் பிறந்ததும் தீக் குதிரை ஆண்டு, இதுவும் தீக் குதிரை ஆண்டு" என்கிறார்.

தமிழ் ஆண்டுகளுக்கு அறுபது பெயர்கள் இருக்கின்றன, அறுபது ஆண்டில் சுற்று முடிகிறது. இதில் புதிர் ஒன்றுமில்லை. சீனர் கணக்கில்தான் புதிர் இருக்கிறது. அவர்களிடம் அறுபது பெயர்கள் கொண்ட பட்டியல் கிடையாது. பத்துப் பெயர்களில் ஒரு பட்டியல், பன்னிரண்டு பெயர்களில் இன்னொரு பட்டியல் என இரண்டுதான் உண்டு. முதலாவதைத் தண்டு என்றும் இரண்டாவதைக் கிளை என்றும் சொல்வார்கள். எலி, எருது, புலி, முயல் என்று நமக்குத் தெரிந்த பன்னிரண்டு விலங்குகளும் கிளைக்கு உரியவை. ஆண்டு பிறக்கும்போது இரண்டு பட்டியலும் ஒவ்வோர் அடி நகரும். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சோடிகள் கிடைக்க வேண்டுமே! பிறகு ஏன் அறுபதிலேயே பழைய சோடி திரும்பி வருகிறது? மீதி அறுபது சோடிகள் எவை, எங்கே போயின?

"10, 12 இவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60" என்று பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடுவார். சரியான விடைதான். ஆனால் எந்தச் சோடிகள் வரவே மாட்டா என்பதை அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க முதல் சமவமைவுத் தேற்றம் என்ற கருவியைக் கையில் எடுப்போம். இவ்வகைத் தேற்றங்களுக்குப் பொதுவான வடிவம் கொடுத்தவர் ஜெர்மனியின் எமி நோதர், ஆண்டு 1927. நமக்கு அந்தப் பொதுவடிவம் தேவையில்லை, நாள்காட்டி போதும்.

முதலில் ஆண்டுகளை எண்ணாக்குவோம். 1984இல் தண்டு, கிளை இரண்டுமே பட்டியலின் தொடக்கத்தில் நின்றன. ஆகவே 1984ஐ 0 என்று வைப்போம். 1985 என்பது 1, 1983 என்பது −1, 2026 என்பது 42, 1966 என்பது −18. முன்னும் பின்னும் முடிவில்லாமல் போகும் இந்த முழு எண்களைக் கூட்டலாம், கழிக்கலாம், கூட்டினாலும் ஒன்றும் மாறாத 0 இருக்கிறது. இப்படிப்பட்ட தொகுதியைக் கணிதத்தில் குலம் என்பார்கள். முழு எண்களின் குலத்துக்கு Z என்று பெயர்.

சீனப் பெயரையும் எண்ணாக்கலாம். தண்டுகளுக்கு 0 முதல் 9 வரை, கிளைகளுக்கு 0 முதல் 11 வரை. எலி 0, எருது 1, புலி 2, முயல் 3, பறவைநாகம் 4, இப்படியே போய் குதிரை 6. n என்ற ஆண்டின் பெயர், nஐப் பத்தால் வகுத்த மீதியும் பன்னிரண்டால் வகுத்த மீதியும் சேர்ந்த சோடி:

f(n) = (n mod 10, n mod 12)

இந்தச் சோடிகளையும் கூட்டலாம், கடிகாரத்தில் மணி கூட்டுவது போல. முதல் இடத்தில் பத்தைத் தாண்டினால் பத்தைக் கழித்துவிட வேண்டும், இரண்டாம் இடத்தில் பன்னிரண்டை. இப்போது ஒரு சோதனை. f(7) = (7, 7). f(8) = (8, 8). இரண்டையும் கூட்டினால் (15, 15), அதாவது (5, 3). நேராக f(15)ஐப் போட்டுப் பாருங்கள், அதுவும் (5, 3)தான். 1984உடன் 15 கூட்டினால் 1999, அது முயல் ஆண்டு, கணக்கு ஒத்துப்போகிறது. முதலில் கூட்டிப் பிறகு பெயர் வைத்தாலும், முதலில் பெயர் வைத்துப் பிறகு கூட்டினாலும் ஒரே விடை கிடைக்கிறது. கூட்டலைக் குலைக்காத இத்தகைய பெயர்ப்புக்கு ஹோமோமார்பிசம் என்று பெயர். தேற்றம் வேலை செய்வதற்கு வேண்டிய ஒரே நிபந்தனை இதுதான்.

அடுத்து, எந்த எண்களுக்கு (0, 0) என்ற பெயர் கிடைக்கிறது என்று பாருங்கள். பத்தாலும் மீதியின்றி வகுபட வேண்டும், பன்னிரண்டாலும் வகுபட வேண்டும். …, −60, 0, 60, 120, … ஆகிய அறுபதின் மடங்குகள் மட்டுமே தேறும். ஆண்டுகளாகச் சொன்னால் 1924, 1984, 2044. பெயர்ப்பு விழுங்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் இந்த எண்களின் கூட்டத்தை உட்கரு என்கிறோம். நம் உட்கருவின் குறியீடு 60Z.

உட்கரு தெரிந்துவிட்டால் மற்றது தானாக வரும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே பெயர் என்றால், f கூட்டலைக் குலைக்காததால், அவற்றின் வித்தியாசத்தின் பெயர் (0, 0) ஆக வேண்டும். அப்படியானால் அந்த வித்தியாசம் உட்கருவில் இருக்கிறது. இதைத் திருப்பிச் சொன்னாலும் உண்மையே. நம் பண்டார் தெங்காரா நண்பரின் 1966, 2026 இரண்டையும் எடுங்கள். 42 − (−18) = 60. அது உட்கருவில் இருப்பதால்தான் இரண்டுக்கும் (2, 6) என்ற ஒரே பெயர் கிடைத்தது.

அறுபது ஆண்டு இடைவெளியில் உள்ளவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிவிடுவோம். 1966, 2026, 2086 ஒரு கட்டு. 1984, 2044 இன்னொரு கட்டு. இப்படி அறுபது கட்டுகள் கிடைக்கும். கட்டுகளையும் கூட்டலாம், ஒவ்வொன்றிலிருந்தும் எந்த எண்ணை எடுத்துக் கூட்டினாலும் விடை ஒரே கட்டில்தான் போய் விழும். இந்தக் கட்டுகளின் குலமே ஈவுக் குலம், Z/60Z. முதல் சமவமைவுத் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கட்டுகளின் குலமும், உண்மையில் வழங்கும் பெயர்களின் குலமும் ஒன்றே. ஒரு கட்டுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு கட்டு, இரண்டு பக்கமும் கூட்டல் ஒரே மாதிரி.

"உண்மையில் வழங்கும் பெயர்கள்" என்ற சொற்களை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். கல்லூரி மாணவர்கள் சறுக்கும் இடம் இதுவே. f போய்ச் சேரும் இடத்தில் 120 சோடிகள் இருப்பதால், ஈவுக் குலமும் அந்த 120 சோடிகளின் குலமும் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். தேற்றம் பேசுவது f எட்டிப் பிடித்த சோடிகளை மட்டும். அந்தத் தொகுதிக்குப் பிம்பம் என்று பெயர். தவறைப் பிடிப்பது எளிது. கட்டுகள் 60, சோடிகள் 120. எண்ணிக்கையே ஒத்துப்போகாத இரண்டு எப்படி ஒன்றாகும்?

எட்டாத சோடிகள் எவை? n இரட்டை எண் என்றால், பத்தால் வகுத்த மீதியும் இரட்டை, பன்னிரண்டால் வகுத்த மீதியும் இரட்டை. n ஒற்றை என்றால் இரண்டு மீதியும் ஒற்றை. ஆகவே இரட்டைத் தண்டு இரட்டைக் கிளையோடு மட்டுமே சேரும், ஒற்றை ஒற்றையோடு மட்டுமே. இரட்டைச் சோடிகள் 5 × 6 = 30, ஒற்றைச் சோடிகளும் 30. மொத்தம் 60. தேற்றம் பிம்பத்தில் சரியாக 60 இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டதால், இந்த அறுபதில் ஒன்றும் விடுபடவில்லை. எஞ்சிய அறுபதும், அதாவது (0, 1) போன்ற இரட்டை-ஒற்றைக் கலப்புகள், எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. பறவைநாகத்தின் எண் 4. அதனால் அதற்கு ஐந்து தண்டுகள் மட்டுமே வாய்க்கும். 1976, 1988, 2000, 2012, 2024 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் அவை ஒரு சுற்று முடிந்துவிட்டன. 2036இல் 1976இன் பெயரே திரும்ப வரும்.

சிலர் இதற்குக் குறுக்குவழி சொல்வதுண்டு. பேச்சுவழக்கில் தண்டைச் சொல்லாமல் மரம், தீ, மண், உலோகம், நீர் என்ற ஐந்து பூதங்களைத்தானே சொல்கிறார்கள்! ஐந்து பூதம், பன்னிரண்டு விலங்கு, 5 × 12 = 60, முடிந்தது கதை என்பார்கள். விடை சரி, வழி தவறு. ஒவ்வொரு பூதமும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு நிற்கும். 1984 மரம், 1985ம் மரம், 1986 தீ. மரத்துக்கு 0 என்று எண் கொடுத்தால் 0ஆம் ஆண்டும் 0, 1ஆம் ஆண்டும் 0. கூட்டலைக் குலைக்காத பெயர்ப்பாக இருந்தால் 1 + 1 = 2ஆம் ஆண்டும் 0 + 0 = 0, அதாவது மரமாக இருக்க வேண்டும். ஆனால் அது தீ. ஆக, பூதப் பெயர்ப்பு ஹோமோமார்பிசமே அல்ல. அதன்மேல் தேற்றத்தை ஏற்ற முடியாது. மாதத் தேதிக்கும் இதே குறை உண்டு. 25ஆம் தேதியிலிருந்து பத்து நாள் கழித்து என்ன தேதி என்று கேட்டால், எந்த மாதம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் 2 என்ற பொதுக் காரணி இருந்ததால்தான் பாதிச் சோடிகள் காணாமல் போயின. பொதுக் காரணி இல்லையென்றால்? ஜொகூரில் வாழும் ஜாவா வம்சாவளியினரின் மரபில் ஏழு நாள் வாரத்தோடு லெகி, பஹிங், பொன், வகே, கிளிவோன் என்ற ஐந்து நாள் வாரமும் உண்டு. இங்கே உட்கரு 35Z, கட்டுகள் 35, சோடிகளும் 7 × 5 = 35. ஒன்றுகூட விடுபடாது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, பொன். அன்றிலிருந்து மலேசியா பிறந்த 1963 செப்டம்பர் 16 வரை 2207 நாள்கள். 2207ஐ 35ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே இரண்டு நாள் நகர்த்தினால் போதும்: திங்கட்கிழமை, கிளிவோன்.

இப்போது அந்த இரண்டு வீடுகளுக்குத் திரும்புவோம். தமிழ் ஆண்டுப் பெயர்களும் Zஇலிருந்து ஒரு பெயர்ப்புத்தான். 1984இல் பிறந்த ரக்தாட்சியை 0 என்று வைத்து எண்ணினால், அதன் உட்கருவும் 60Z. உட்கரு ஒன்றே என்பதால் ஈவுக் குலமும் ஒன்றே. தமிழ்ப் பெயர்களும் சீனப் பெயர்களும் நிரந்தரமாக ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டுவிட்டன. பராபவ என்றால் எப்போதும் தீக் குதிரை, 1987இல் வந்த பிரபவ என்றால் எப்போதும் தீ முயல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும், தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில். இடைப்பட்ட வாரங்களில் ஒரு கணக்கு ஓர் அடி முன்னே போய் நிற்கும். நம் இருவரும் மே மாதத்துக்குப் பதிலாக 1966 மார்ச்சில் பிறந்திருந்தால், சீனர் தீக் குதிரையாகவே இருந்திருப்பார்; தமிழரோ பராபவ அல்ல, அதற்கு முந்தைய விசுவாவசு ஆண்டுக்காரர் ஆகியிருப்பார்.