உங்களுக்குத் தெரியுமா? ஆறாவது வரிசையில் #NUM! வந்தால் முதல் ஐந்தும் தப்பு!

எக்செல்லின் தேய்மான ஃபார்முலாக்களில் ஆயுளும் காலமும் ஒரே அளவையில் இருக்க வேண்டும். ஆயுளை ஆண்டில் கொடுத்தால் காலமும் ஆண்டுதான். மாதக் கணக்கு வேண்டுமென்றால் ஆயுளையும் மாதமாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

6 லட்சம் ரூபாய் இயந்திரம், எஞ்சு மதிப்பு 60,000, ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதாந்திர அட்டவணை போட ஒருவர் இப்படி எழுதி, A2-வில் தொடங்கும் மாத எண்களுக்கு நேராகக் கீழே இழுத்துவிடுகிறார்:

```
=DDB(600000,60000,5,A2)
```

முதல் ஐந்து வரிசைகளிலும் எண் வருகிறது. ஆறாவதில் #NUM! வருகிறது, ஏனென்றால் காலம் 6 ஆயுளான 5-ஐத் தாண்டிவிட்டது. பலர் அந்த ஆறாவது கட்டத்தைத்தான் சரிசெய்யப் போவார்கள். உண்மையில் மோசமானவை அதற்கு மேலே இருப்பவைதான். முதல் 'மாதத்துக்கு' எக்செல் தந்தது 2,40,000 ரூபாய். அது முழு ஆண்டுத் தேய்மானம். ஐந்தையும் கூட்டினால் 5,40,000! இயந்திரத்தின் மொத்தத் தேய்மானமும் ஐந்தே மாதத்தில் கரைந்துவிட்டது. ஆயுளை 60 என்று மாற்றினால் முதல் மாதம் 20,000 என்று சரியாக வரும், பிழையும் போய்விடும்.

காலம் ஆயுளைத் தாண்டலாம் என்ற இடமும் ஒன்று உண்டு. அக்டோபரில் வாங்கிய பொருளுக்கு, மார்ச்சோடு முடியும் நிதியாண்டில் ஆறு மாதம்தான் கணக்கு. DB ஃபார்முலாவின் கடைசி இடத்தில் அந்த 6-ஐக் கொடுத்தால், விட்டுப்போன ஆறு மாதத்தை ஆறாவது ஆண்டில் அதுவே சேர்த்துக்கொள்ளும்:

```
=DB(600000,60000,5,6,6)
```

அந்தக் கடைசி 6-ஐ எழுதாவிட்டால் முதல் ஆண்டு முழுதாக 12 மாதம் என்று எடுத்துக்கொண்டு, ஆறாவது ஆண்டுக்கு #NUM! காட்டும்.

எஞ்சு மதிப்பைக் கழித்தல் குறியோடு கொடுத்தாலும் DB, DDB இரண்டும் #NUM! என்றே சொல்லும். ஆனால் DB-யில் அதை 0 என்று போட்டால் பிழை ஏதும் வராது. முழு விலையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகிவிடும். எஞ்சு மதிப்பை விலையால் வகுத்துத்தான் அது விகிதம் காண்கிறது. மேலே 0 இருந்தால் விகிதம் நூறு சதவீதம். எஞ்சு மதிப்பே இல்லாத பொருளுக்கு DB பொருந்தாது, SLN போடுங்கள்.

SLN-இல் விலையையும் எஞ்சு மதிப்பையும் இடம் மாற்றி எழுதினால் எச்சரிக்கையே வராது, மைனஸ் 1,08,000 என்றுதான் வரும். அட்டவணையை முடித்ததும் முதல் வரிசையின் எண்ணை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பாருங்கள்.