ஐம்பது தடவை பாவிக்கலாம் என்ற கணக்கு

சிலாபத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு கொந்தராத்துக்காரர் அண்மையில் என் கடைக்கு வந்தார். “நானா, சிலெப்புக்குப் பலகை வாங்கி அலுத்துவிட்டது. இரும்புத் தகடாகவே வாங்கிப் போடவா? 50 தடவை பாவிக்கலாமாமே?” என்றார். வருடத்துக்கு எத்தனை சிலெப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். எங்கள் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது.

பேச்சுக்கு, ஒரு சிலெப்புக்குத் தேவையான பிளைவூட் 100 ரூபா, இரும்புத் தகடு 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மேலே வழுவழுப்பான படலம் ஒட்டிய 18 மில்லிமீற்றர் பிளைவூட்டைக் கவனமாகப் பாவித்தால் பத்துத் தடவை வரும். அப்படியானால் ஒரு தடவைக்கு 10 ரூபா. தகடு 50 தடவை வந்தால் 6 ரூபாதான். ஆனால் வருடத்துக்கு ஆறு சிலெப் போடுபவருக்கு 50 தடவை முடிய எட்டு வருடங்களுக்கு மேல் செல்லும். நமது ஊரின் உப்புக் காற்றில் முற்றத்தில் கிடக்கும் தகடு அதுவரை தாங்குமா? நான்கு வருடத்தில் துருவேறி, நெளிந்து கழிக்கப்பட்டால் 24 தடவைதான். அப்போது ஒரு தடவைக்குப் பன்னிரண்டரை ரூபா ஆகிவிடும்.

நானும் ஒரு காலம் தகடு வாங்கிக் களப்போரம் அடுக்கி வைத்தவன்தான். துருக்கறை கொங்கிறீட்டில் பதிந்து, வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

சாதாரணப் பலகை விலை குறைவு, விரும்பியபடி வெட்டலாம். ஆனால் மூன்று நான்கு தடவைக்குள் வளைந்து, பிளந்துவிடும். காய்ந்த பலகை கொங்கிறீட்டின் நீரை உறிஞ்சும். இடைவெளிகளால் சீமெந்துப் பால் ஒழுகினால், கழற்றும்போது அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் தெரியும். அதை மறைக்கத் தடிப்பாகப் பூச வேண்டிவரும். அந்தப் பூச்சுச் செலவைப் பலகையின் விலையோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பிளைவூட்டில் அடிப்பக்கம் மட்டமாக வரும். மூட்டுகளில் அகலமான டேப் ஒட்டினால் பால் ஒழுகாது. பட்டி பூசிப் பெயின்ட் அடித்தாலே போதும். பூசத்தான் வேண்டும் என்றால் முதலில் கொத்திவிட வேண்டும், வழுவழுப்பில் சாந்து பிடிக்காது. கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கத்தையும் விடுங்கள். அந்தக் கறைமேல் பட்டியோ பெயின்டோ ஒட்டாது.

பிளைவூட் கெடுவது பெரும்பாலும் ஓரத்தில்தான். அலவாங்கால் நெம்பிக் கழற்றினால் ஓரம் சிதைந்து தண்ணீர் குடித்து ஊதிவிடும். வெட்டிய ஓரங்களுக்கு உடனே எனாமல் பெயின்ட் அடித்து, மழை படாத இடத்தில் படுக்கையாக அடுக்குங்கள். ஓரம் ஊதினால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுச் சிறிய இடங்களுக்குப் பாவிக்கலாம்.

வந்தவர் ஒரு சிலெப்புக்கு மட்டும் பிளைவூட் எடுத்தார். மாதத்துக்கு இரண்டு சிலெப் போடும் காலம் வந்தால் தகட்டைப் பற்றிப் பேசுவோம், அதுவரை அவசரத்துக்கு வாடகைக்கு எடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.