விகிதங்களைக் கூட்டி ஏழால் வகுத்தால்

இணையத்தில் விளம்பரம் கொடுப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான். விளம்பரம் எத்தனை முறை கண்ணில் பட்டது, அதில் எத்தனை முறை க்ளிக் விழுந்தது? இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது க்ளிக் விகிதம். தொழிலில் சி.டி.ஆர். என்பார்கள். நூறு முறை திரையில் வந்த விளம்பரத்துக்கு இரண்டு க்ளிக் கிடைத்தால் விகிதம் 2 சதவீதம். ஒரு நாளுக்கு இந்தக் கணக்கைப் போடும்போது தப்பு வர வழியே இல்லை. ஒரு வாரத்துக்கோ மாதத்துக்கோ சேர்த்துச் சொல்லும்போதுதான் தப்பு நுழைகிறது. பலர் ஒவ்வொரு நாளின் சதவீதத்தையும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ‘சராசரி விகிதம்’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும் இந்த எண், உண்மையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் வரலாம்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். சென்னிமலைப் போர்வைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடை, ஒரு வாரம் விளம்பரம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, போர்வை வாங்க நினைத்துத் தேடுபவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டப்படுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் செலவை உயர்த்தி, எல்லோருக்கும் காட்டச் சொல்கிறார் கடைக்காரர்.

| நாள் | க்ளிக் | பார்வை | விகிதம் |
|---|---|---|---|
| திங்கள் | 24 | 400 | 6% |
| செவ்வாய் | 25 | 500 | 5% |
| புதன் | 20 | 400 | 5% |
| வியாழன் | 30 | 500 | 6% |
| வெள்ளி | 30 | 600 | 5% |
| சனி | 80 | 8,000 | 1% |
| ஞாயிறு | 96 | 9,600 | 1% |

கடைசிப் பத்தியில் உள்ள ஏழு விகிதங்களையும் கூட்டினால் 29. ஏழால் வகுத்தால் 4.14 சதவீதம். இப்போது வேறு வழியில் பாருங்கள். வாரம் முழுவதும் விழுந்த க்ளிக் 305. விளம்பரம் காட்டப்பட்டது 20,000 முறை. வகுத்தால் 1.5 சதவீதம்தான் வருகிறது. அட்டவணை ஒன்றுதான், வாரமும் ஒன்றுதான். ஆனால் ஒரு விடை மற்றதைப்போல இரண்டே முக்கால் மடங்கு.

எது சரி என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. விகிதத்தை மொத்தப் பார்வையால் பெருக்கினால், விழுந்த க்ளிக் திரும்ப வர வேண்டும். 20,000-இல் 4.14 சதவீதம் என்றால் 828 க்ளிக். விழுந்ததோ 305. மீதி ஐந்நூற்றுச் சொச்சம் க்ளிக் எங்குமே நடக்கவில்லை. தப்பான வகுத்தலில் பிறந்தவை அவை. உங்கள் கைக்கு வரும் எந்த அறிக்கையிலும் இந்தப் பெருக்கலை ஒரு முறை போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை. பெருக்கி வருவது மொத்த க்ளிக்கோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த விகிதத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

தப்பு எங்கே இருக்கிறது? ஏழால் வகுக்கும்போது ஒவ்வொரு நாளுக்கும் ஏழில் ஒரு பங்கு கனம் கொடுக்கிறோம். திங்கட்கிழமை 400 பார்வை, ஞாயிற்றுக்கிழமை 9,600 பார்வை. இரண்டுக்கும் ஒரே கனம் என்றால், திங்களன்று விளம்பரத்தைப் பார்த்த ஒருவர், ஞாயிறன்று பார்த்த 24 பேருக்குச் சமமாகிவிடுகிறார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பேட்ஸ்மேன் முதல் ஆட்டத்தில் ஒரே பந்தைச் சந்தித்து 4 ரன் எடுக்கிறார். ஸ்ட்ரைக் ரேட் 400. அடுத்த ஆட்டத்தில் 60 பந்தில் 30 ரன். ஸ்ட்ரைக் ரேட் 50. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, இவருடைய ஸ்ட்ரைக் ரேட் 225 என்று யாரும் சொல்வதில்லை. 61 பந்தில் 34 ரன், ஆகவே 55.7 என்றுதான் கணக்கெழுதுகிறார்கள்.

எல்லா நாளும் பார்வை ஒரே அளவாக இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். பார்வை ஏறி இறங்கினாலும், விகிதம் அதோடு சேர்ந்து மாறாவிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. பார்வை அதிகமான நாட்களில் விகிதம் குறைவாக இருந்தால் நாள் சராசரி உண்மையைவிட மேலே போகும். பார்வை அதிகமான நாட்களில் விகிதமும் அதிகமாக இருந்தால் கீழே வரும்.

விளம்பரத் தொழிலில் பெரும்பாலும் முதல் வகைதான் நடக்கிறது என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. குறைந்த பணத்தில் ஓடும் விளம்பரம், அந்தப் பொருளையே தேடி வந்தவர்கள் கண்ணில் படுகிறது. அவர்கள் க்ளிக் செய்யக் காத்திருப்பவர்கள். பணத்தைக் கூட்டக் கூட்ட, பொருளில் அவ்வளவாக அக்கறை இல்லாதவர்களுக்கும் விளம்பரம் போய்ச் சேர்கிறது. பார்வை பெருகுகிறது, விகிதம் சரிகிறது. ஆகவே நாள் சராசரியில் வரும் பிழை ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று சமன் ஆகிவிடுவதில்லை. அது அடிக்கடி ஒரே பக்கம், விளம்பரத்துக்குச் சாதகமான பக்கம் சாய்கிறது. நல்ல சேதி சொல்லும் எண்ணை யாரும் திருப்பிச் சரிபார்ப்பதும் இல்லை.

அதன் விலையைக் கடைக்காரர் கொடுக்கிறார். ஆயிரம் பார்வைக்கு ₹100 என்று வைத்தால், இந்த வாரச் செலவு ₹2,000. 828 க்ளிக் என்று நம்பினால் ஒரு க்ளிக்குக்கு ஏறத்தாழ ₹2.40 ஆகிறது. உண்மையில் 305 க்ளிக். ஒன்றுக்கு ஏறத்தாழ ₹6.55. முதல் எண்ணை நம்பி, அடுத்த மாதம் ₹10,000 போட்டு ஒரு லட்சம் பார்வை வாங்கினால், கடைக்கு 4,000 பேருக்கு மேல் வருவார்கள் என்று அவர் சரக்கு சேர்த்து வைப்பார். இதே போக்கு நீடித்தால் வருகிறவர்கள் 1,500 பேர் அளவில்தான் இருப்பார்கள்.

பார்வை மிகக் குறைந்த நாட்கள் இன்னொரு தொல்லை. ஒரு மாதத்தில் 29 நாள் விகிதம் ஒழுங்காக 2 சதவீதம் என்று கொள்வோம். ஒரு நாள் மட்டும் விளம்பரம் நிறுத்தி வைக்கப்பட்டு, நிற்பதற்கு முன் இரண்டே முறை காட்டப்பட்டது. அதில் ஒன்று க்ளிக். அந்த நாளின் விகிதம் 50 சதவீதம். அந்த ஒரே க்ளிக், முப்பது நாள் சராசரியை 2-இலிருந்து 3.6 சதவீதத்துக்குத் தூக்கிவிடும். பார்வையே இல்லாத நாளில் சுழியால் வகுக்க நேர்ந்து, விரிதாளில் `#DIV/0!` என்று வரும். அதை மறைக்கச் சிலர் 0 என்று போடுகிறார்கள். விளம்பரமே ஓடாத நாளை, ஓடியும் யாரும் க்ளிக் செய்யாத நாளாகக் கணக்கில் சேர்ப்பது அது. மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சுழி பார்வை நாள் கூட்டலில் தானாகவே கரைந்துவிடும்.

விளம்பரக் கருவிகள் பொதுவாக இந்தத் தவறைச் செய்வதில்லை. கூகுள் ஆட்ஸ் பக்கத்தின் மொத்த வரிசையில் தெரியும் விகிதம், மொத்த க்ளிக்கை மொத்தப் பார்வையால் வகுத்து வந்ததுதான். தவறு நடப்பது அந்தத் தகவலை நாள்வாரியாகத் தரவிறக்கி விரிதாளில் திறக்கும்போது. விகிதம் ஏற்கெனவே ஒரு பத்தியாக நிற்கிறது; அதன் அடியில் சராசரி போடக் கை தானாகப் போகிறது. B பத்தியில் க்ளிக், C-இல் பார்வை, D-இல் விகிதம் இருந்தால், தப்பான வழி இது:

```
=AVERAGE(D2:D8)
```

சரியான வழி இது:

```
=SUM(B2:B8)/SUM(C2:C8)
```

பிவட் டேபிளில் விகிதப் பத்தியை இழுத்துப் போட்டு `AVERAGE` தேர்ந்தெடுத்தாலும் முதல் வழியில்தான் போய் விழுவோம். பன்னிரண்டு மாத விகிதங்களைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து ஆண்டு விகிதம் சொல்வதும் இதே பிழைதான். எந்தக் கால அளவுக்குச் சேர்த்தாலும் க்ளிக்கைத் தனியே கூட்ட வேண்டும், பார்வையைத் தனியே கூட்ட வேண்டும், கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்க வேண்டும்.

மொத்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. 1.5 சதவீதம் என்பது வாரத்தின் உண்மை. ஆனால் அந்த வாரத்தில் எந்த நாளும் அப்படி இருக்கவில்லை. முதல் ஐந்து நாளை மட்டும் சேர்த்தால் 2,400 பார்வைக்கு 129 க்ளிக், 5.4 சதவீதம். கடைசி இரண்டு நாளில் சரியாக 1 சதவீதம். தேடுபவர்களுக்குக் காட்டுவது வேறு, எல்லோருக்கும் காட்டுவது வேறு என்பதைக் கடைக்காரர் இந்தப் பிரிப்பிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது இந்தப் பிரிப்பு இன்னும் அவசியம். பழைய விளம்பரம் வார நாட்களில் 4,000 பார்வைக்கு 200 க்ளிக், வார இறுதியில் 1,000 பார்வைக்கு 10 க்ளிக் பெறுகிறது. புதியது வார நாட்களில் 1,000 பார்வைக்கு 60, வார இறுதியில் 4,000 பார்வைக்கு 60 பெறுகிறது. வார நாளில் 5-க்கு 6, வார இறுதியில் 1-க்கு 1.5 என்று இரண்டிலும் புதியதே முந்துகிறது. ஆனால் மொத்தத்தில் பழையது 4.2 சதவீதம், புதியது 2.4 சதவீதம்! புதியதன் பெரும்பகுதி, க்ளிக் குறைந்த வார இறுதியில் ஓடியதே இதற்குக் காரணம். எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் இந்த வகைத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் இது ‘சிம்ப்சன் முரண்’ எனப்படுகிறது. இங்கே இரண்டு விளம்பரங்களையும் ஒவ்வொரு நாளும் ஒரே பங்கில் ஓட விட வேண்டும். அது முடியாவிட்டால் வார நாளை வார நாளோடும், வார இறுதியை வார இறுதியோடும் ஒப்பிட வேண்டும்.

ஆக, ‘இந்த வாரம் என்ன நடந்தது’ என்று கேட்டால் மொத்தத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டும். ‘எது மேல்’ என்று கேட்டால் ஒரே வகை நாட்களைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அறிக்கை எழுதுபவர்கள் வெறும் சதவீதத்தோடு நிறுத்தாமல், ‘305 / 20,000 = 1.5%’ என்று மூன்று எண்களையும் எழுதிக் கொடுக்கட்டும். விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர்கள், அப்படி எழுதாத அறிக்கையைத் திருப்பி அனுப்பி, க்ளிக் எவ்வளவு, பார்வை எவ்வளவு என்று கேட்டு வாங்கட்டும்.