பறிக்கும் இலை, சுற்றும் மரம்

ஏகாதசியன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் பாட்டி மறுநாள் பூஜைக்கு வேண்டிய துளசியைப் பறித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துவிடுவார். துவாதசியன்று துளசிச் செடியில் கைவைக்கக் கூடாது என்பது வழக்கம். நேற்றுப் பறித்த பூவைச் சுவாமிக்குச் சாத்த மாட்டார்கள். துளசி இலைக்கு மட்டும் பழையது என்ற தோஷம் கிடையாது. அதனால் நேற்றைய துளசியால் இன்று அர்ச்சனை செய்யலாம்.

ஒரு செடிக்கு மட்டும் ஏன் இத்தனை விதி? நம் வழிபாட்டில் செடிகொடிகள் எல்லாமே புனிதம்தான் என்றாலும், எல்லாம் ஒரே விதத்தில் புனிதமில்லை. சில இலைகள் இறைவனுக்குப் பிடித்த காணிக்கை. சில மரங்கள் அவன் வீற்றிருக்கும் இடம். துளசியோ, அவளே ஒரு தாய்.

புராணத்தில் அவள் பெயர் பிருந்தை, ஜலந்தரன் என்ற அசுரனின் மனைவி. அவளுடைய கற்பே கணவனுக்குக் கவசமாக இருந்தது. திருமால் ஜலந்தரன் உருவில் வந்து அவளை ஏமாற்றினார். உண்மை தெரிந்ததும் அவரைக் கல்லாகச் சபித்துவிட்டு அவள் தீயில் இறங்கினாள். அந்தக் கல் சாளக்கிராமம். அவள் செடியாக வந்ததே துளசி. கார்த்திகை மாத வளர்பிறைத் துவாதசியில் பல வீடுகளில் மாடத்துத் துளசிக்குப் பக்கத்தில் நெல்லிக் கிளையை ஊன்றிக் கல்யாணம் நடத்துவது இந்த உறவைச் சொல்லத்தான். வீட்டுப் பெண்ணைப் போல நினைக்கும் செடி என்பதால், குளித்துவிட்டு, அவளை வேண்டிக்கொண்டு, நகம் படாமல் பறிக்கிறோம். அந்தி சாய்ந்தபின் தொடுவதில்லை.

இலைகளைப் பயபக்தியோடு பறிக்காமலே விட்டுவிடும் வீடுகளில் துளசி சீக்கிரம் காய்ந்துபோவதைப் பார்க்கலாம். துளசி நீண்ட காலம் வாழும் செடி அல்ல. கதிர் விட்டு விதை முற்றினால் தண்டு கட்டையாகி, இலை சிறுத்து, செடி ஓய்ந்துவிடும். கதிர் பூக்கும்போதே கிள்ளிப் பெருமாளுக்குச் சாத்தினால் பக்கக் கிளைகள் வெடித்து வரும். கதிரோடு சேர்ந்த துளசி உயர்ந்தது என்று பெரியவர்கள் சொல்வது செடிக்கும் நல்லதாகவே அமைந்திருக்கிறது. இன்னொரு தவறு, மழை நாளிலும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றுவது. அடியில் ஓட்டையில்லாத தொட்டியானால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடித் தொங்கும். அது வேர் அழுகுவதன் அடையாளம்.

காணிக்கை இலைகளின் கதை வேறு. அங்கே கேள்வி, யாருக்கு எது பிடிக்கும் என்பதுதான். அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாரின் வயிற்றுச் சூட்டை முனிவர்கள் 21 அறுகம்புல் வைத்துத் தணித்தார்களாம். அதனால் அவருக்கு அறுகு. மூன்று இலை சேர்ந்த வில்வம், முக்கண்ணனான சிவனுக்கு. அதில் ஓர் இலை உதிர்ந்திருந்தாலும் சாத்துவதில்லை. துளசி பிள்ளையாருக்கு ஆகாது என்பார்கள். ஆனால் விநாயகர் சதுர்த்தியன்று சாத்தும் 21 வகை இலைகளில் துளசிக்கும் இடம் உண்டு.

ஆலமரத்தில் நாம் எதையும் பறிப்பதில்லை, அதைச் சுற்றி வருகிறோம். காரணம், அது இருப்பிடம். தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில் அமர்ந்து, பேசாமலே முனிவர்களுக்கு உபதேசித்தார். திருவாலங்காட்டில் ஊர்ப்பெயரே ஆலங்காடு. மகாராஷ்டிரத்தில் சுமங்கலிகள் ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டுகிறார்கள். சத்தியவானின் உயிரைச் சாவித்திரி மீட்டது ஆலடியில் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே சாவித்திரியைத் தமிழ்ப் பெண்கள் மாசியும் பங்குனியும் கூடும் வேளையில், காரடையான் நோன்பில் நினைக்கிறார்கள். இங்கே நூல் மரத்தில் இல்லை, கழுத்தில் ஏறுகிறது.

கணவனின் ஆயுளுக்காக நோற்பவர்கள் ஆலைத் தேர்ந்ததன் பொருத்தத்தைச் சென்னை அடையாறு ஆலமரத்தில் பார்க்கலாம். 1989ஆம் ஆண்டு புயல் காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆனால் மண்ணைத் தொட்டுத் தூண்களாகிவிட்ட விழுதுகள் மரத்தைத் தாங்கி நின்றன. தாய்த்தண்டு போனாலும் ஆல் முடிவதில்லை.

அந்த விழுது மண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான். ஊர் ஆலடியில் மேடை கட்டும்போது சுற்றிலும் சிமெண்டு பூசி, கீழே வரும் விழுதை இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். நீண்டு வளர்ந்த கிளைக்குக் கீழே தூண் இல்லாமல் போகிறது. பிறகொரு பலத்த காற்றில் அது முறிந்து விழுகிறது. மேடையைச் சிறிதாகக் கட்டி, விழுது இறங்கும் இடத்தில் மண்ணை மண்ணாகவே விட்டால், அது சுவாமியின் இருப்பிடத்துக்கு நாம் ஊன்றும் தூண்.