முகத்தைத் தூக்கும் முன் கழுத்தைப் பாருங்கள்

ஃபேஸ்லிஃப்ட் பற்றி விசாரிக்க வருபவர்களில் பலர் வாயால் பேசுவதற்கு முன் கையால் பேசிவிடுவார்கள். காதோரத்தில் இரண்டு விரலை வைத்து, கன்னத்தை மேல்பக்கமாக லேசாக இழுத்து, "இந்த அளவுக்குப் போதும் டாக்டர், ரொம்ப வேண்டாம்" என்பார்கள். அந்த 'இந்த அளவு'க்குத்தான் மினி ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். முழு ஃபேஸ்லிஃப்ட் என்றால் அதையே இன்னும் பலமாக இழுப்பது என்றும் நினைத்திருப்பார்கள். உண்மையில் இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு. மினி, கன்னத்தின் கீழ்ப்பகுதியையும் தாடை ஓரத்தையும் கவனிக்கும். முழு ஃபேஸ்லிஃப்ட் அதோடு கழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு புரியாமல் பணம் கட்டியவர்கள்தான் பின்னால் ஏமாற்றத்தோடு வந்து நிற்கிறார்கள்.

முகம் ஏன் தொங்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தோல் தளர்வது ஒரு காரணம்தான். தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத்தின் சிறு தசைகளை இணைத்துக்கொண்டு ஒரு மெல்லிய உறுதியான படலம் இருக்கிறது. மருத்துவர்கள் அதை எஸ்மாஸ் என்பார்கள். கழுத்தில் இறங்கும்போது அதுவே பிளாட்டிஸ்மா என்ற அகலமான மெல்லிய தசையாகத் தொடர்கிறது. வயதாக ஆக இந்தப் படலம் கீழிறங்க, அதன்மேல் இருக்கும் கன்னக் கொழுப்பும் கூடவே இறங்கி, தாடை ஓரத்தில் மோவாய்க்கு இருபுறமும் சிறு பை போலத் தேங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் அறுவை மருத்துவர்கள் தோலை மட்டும் இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைத்தார்கள். நாடா தொய்ந்த கட்டிலில் மேல்விரிப்பை மட்டும் இறுக்கிச் செருகியது போலத்தான் அது. சில மாதங்களில் மறுபடி தொய்யும். அதற்குள் முகம் காற்றில் அடிபட்டது போல் இழுபட்டுத் தெரியும். 1970களில் நிலைமை மாறியது. ஸ்வீடனில் ஸ்கூக் தோலோடு அடிப்படலத்தையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எஸ்மாஸ் படலத்தை உடற்கூற்றியல்படி விவரித்து எழுதினார்கள். இன்று மினியோ முழுதோ, உருப்படியான எந்த ஃபேஸ்லிஃப்டும் இந்தப் படலத்தைத்தான் தூக்கும்.

மினி ஃபேஸ்லிஃப்ட் என்பது ஒரே ஒரு அறுவை முறையின் பெயர் அல்ல. டாக்டருக்கு டாக்டர் அதன் பொருள் மாறும். ஓரளவு தெளிவாக வரையறுக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த தொனார், வெர்பேலே என்ற இருவர் 2000களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய மாக்ஸ் லிஃப்ட். காது மடலின் அடியில் தொடங்கும் கீறல், காதின் முன்புறமாக ஏறி, கிருதா முடியின் ஓரத்தை ஒட்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் போய் முடிந்துவிடும். காதுக்குப் பின்னால் கத்தி போகாது. கன்னத்தோலைச் சில சென்டிமீட்டர் தூரம் மட்டும் பிரிப்பார்கள். பிறகு உறுதியான நூலால் எஸ்மாஸில் சுருக்குப்பையின் வாய் போல ஒரு வளையத் தையல் போட்டு, காதுக்குச் சற்று மேலே முன்புறம் இருக்கும் கெட்டியான திசுவில் முடிச்சிடுவார்கள். முதல் வளையம் தாடைக் கோணம் வரை இறங்கிக் கழுத்தின் மேற்பகுதியைக் கொஞ்சம் தூக்கும். இரண்டாவது சற்றுச் சரிவாகப் போய்த் தாடை ஓரத்துப் பையைத் தூக்கும். இழுப்பு காதை நோக்கி இல்லாமல் ஏறக்குறைய செங்குத்தாக இருப்பதால் வாய் அகலமாகித் தெரிவதில்லை. உணர்விழக்கும் ஊசியும் அரைமயக்க மருந்துமே பெரும்பாலும் போதும். சுமார் 2 மணி நேரத்தில் முடியும். பத்து நாளில் வெளியே நடமாடலாம்.

கிடைப்பது என்ன? தாடைக்கோடு மறுபடி நேராகும். கன்னத்தின் கீழ்ப்பாதி ஏறும். மோவாய்க்கு அடியில் லேசான தளர்ச்சி இருந்தால் அதுவும் ஓரளவு குறையும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

முழு ஃபேஸ்லிஃப்டில் அதே கீறல் காது மடலைச் சுற்றிப் பின்புற மடிப்பில் ஏறி, பின்னந்தலை முடிக்குள் போகும். அந்தக் கூடுதல் நீளம் கழுத்தின் உபரித் தோலை வெளியேற்றுவதற்கான வழி. பலருக்கு மோவாயின் அடியில் தனியாக ஒரு சிறு கீறலும் வேண்டியிருக்கும். அதன் வழியாகத்தான், நடுவில் பிரிந்து இரண்டு கயிறு போலத் துருத்தி நிற்கும் பிளாட்டிஸ்மாவின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பார்கள். எஸ்மாஸைத் தனியாகப் பிரித்துத் தூக்குவதும் உண்டு. அதற்கும் அடியில் போய், படலத்தை எலும்போடு பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து, தோலோடு ஒன்றாகத் தூக்கும் 'டீப் பிளேன்' முறையும் உண்டு. 3 முதல் 5 மணி நேரம் ஆகும். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். வெளியே தலைகாட்ட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், வீக்கம் முழுதாக அடங்கச் சில மாதம்.

இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு வயது 46. தாடை ஓரத்தில் சிறு பை விழுந்திருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் மோவாயும் கழுத்தும் சேரும் இடம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தலையைக் குனிந்தால் மட்டும் கழுத்தில் மடிப்பு. இவருக்கு மினி சரியாகப் பொருந்தும். இன்னொருவருக்கு வயது 59. தாடையோரத் தொங்கல் முன்னவருக்கு இருப்பது போலத்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு வாயின் ஓரங்களைக் கீழே இழுத்தால் கழுத்தின் நடுவே இரண்டு வடம் எழுகிறது. மோவாய்க்கு அடியில் தோலைக் கிள்ளினால் கை நிறைய வருகிறது. இவருக்கும் மினி செய்தால் என்ன ஆகும்? கன்னம் ஏறிவிடும், கழுத்து அப்படியே நிற்கும். முன்பு சேர்ந்தே வயதாகியிருந்த முகமும் கழுத்தும் இப்போது இரண்டு வயதில் தெரியும். போதாததற்கு, வெளியேற வழியில்லாத கழுத்துத் தோல் காது மடலுக்கு அடியில் கொசுவம் போல் சுருங்கி நிற்கும். அதை இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். கைதேர்ந்த மருத்துவர் தவறான முகத்தில் செய்த மினியை இந்த இரண்டு அடையாளத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

ஆக, வயதைவிடக் கழுத்துதான் பெரிய சாட்சி. ஆனாலும் வயதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. பொதுவாக 40களின் நடுவிலிருந்து 50களின் தொடக்கம் வரை மினிக்கான காலம். முழு ஃபேஸ்லிஃப்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் 50களிலும் 60களிலும் இருப்பார்கள். நாற்பதுக்கு முன் இரண்டுமே அநேகமாகத் தேவையில்லை. அந்த வயதில் கண்ணாடியில் உறுத்துவது பெரும்பாலும் கன்னத்துக் கொழுப்பின் குறைவோ வெயிலால் வந்த கருமையோதான். கத்தியால் அவற்றுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. 'முன்கூட்டியே மினி செய்துகொண்டால் பின்னால் முழுது வேண்டியிருக்காது' என்று சொல்வதை நான் நம்புவதில்லை. அறுவை முடிந்த மறுநாளே வயது மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

மேல் வரம்பு என்று ஒரு எண் கிடையாது. 70 வயதில் நல்ல இதயமும் கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தமும் உள்ளவர், 52 வயதில் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் புகைப்பவரைவிட நல்ல நோயாளி. எடை குறைப்பு ஊசியால் வேகமாக மெலிந்து முகம் தொங்கியவர்கள் இப்போது அதிகம் வருகிறார்கள். அவர்கள் எடை சில மாதமாவது ஒரே நிலையில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்? பிரிட்டனில் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர்களைச் சராசரியாக ஐந்தரை ஆண்டு கழித்துப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய நான்கில் மூவர் அறுவைக்கு முன்பிருந்ததைவிட அப்போதும் இளமையாகத்தான் தெரிந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிரிஸ் ஜென்னர் 55 வயதில், 2011இல் முதல் முறை செய்துகொண்டார். 2025இல் மறுபடி செய்துகொண்டதை வெளிப்படையாகவே சொன்னார். நன்றாகச் செய்த முழு ஃபேஸ்லிஃப்டின் ஆயுளை அதிலிருந்து ஊகிக்கலாம். மினியின் ஆயுள் அதைவிடக் குறைவு. படலத்தை விடுவிக்காமல் நூலால் மட்டும் தாங்கவைப்பதால் அப்படி.

சிறிய அறுவை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். இரண்டிலுமே அதிகம் அஞ்ச வேண்டியது தோலுக்கடியில் ரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்குவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, விண்விண்ணென்று வலித்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. புகைப்பவர்களுக்குத் தோலின் ரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், குறிப்பாகக் காதின் பின்புறம் தோல் கருகலாம். குறைந்தது நான்கு வாரம் முன்பும் பின்பும் சிகரெட்டைத் தொடாதவர்களுக்கு மட்டுமே நல்ல மருத்துவர்கள் செய்வார்கள். காது மடல் சில மாதம் மரத்திருப்பது சகஜம். உதட்டையோ புருவத்தையோ அசைக்கும் நரம்பு அடிபடுவது அரிது, பெரும்பாலும் தானாகச் சரியாகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்குத் தழும்பு கருப்பதும் தடிப்பதும் கூடுதல் கவலை. காது குத்திய இடத்தில் தழும்பு கட்டியாக வளர்ந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் ஓடும் ஆழமான கோடும், உதட்டுக்கு மேல் உள்ள சிறு சுருக்கங்களும் இரண்டு முறையிலுமே பெரிதாக மறையாது.

விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் என்ற நிறுவனம் சிறு ஃபேஸ்லிஃப்டை நாடெங்கும் கிளை போட்டு விற்றது. ஊழியர்களைக் கொண்டே இணையத்தில் போலிப் பாராட்டுகளை எழுதவைத்ததற்காக 2009இல் நியூயார்க் மாநில அரசுக்கு 3 லட்சம் டாலர் கட்டியது. 2015இல் கடையை மூடியது. நம் ஊரிலும் 'வீக்எண்ட் லிஃப்ட்', 'லஞ்ச் டைம் லிஃப்ட்' என்று பெயர்கள் முளைக்கின்றன.

ஆலோசனைக்குப் போகும்போது, செய்பவர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற தகுதி பெற்றவரா என்று கேளுங்கள். 'மினி' என்று அவர் சொல்வதில் கீறல் எங்கே முடிகிறது, படலத்தைத் தூக்குகிறாரா, தோலை மட்டும் வெட்டுகிறாரா என்றும் கேளுங்கள். அவர் செய்தவர்களின் படங்களில், அறுவை முடிந்து ஓராண்டு கழித்துப் பக்கவாட்டில், தலை குனியாமல், தாடி முடியோ ஸ்கார்ஃபோ மறைக்காமல் எடுத்த கழுத்துப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.