தேவையிலிருந்து தரையிறக்கம் வரை

1999 டிசம்பர் 3. நாசாவின் ‘மார்ஸ் போலார் லேண்டர்’ செவ்வாய்க் கோளின் தென் துருவத்துக்கு அருகே இறங்க வேண்டிய நாள். வளிமண்டலத்துக்குள் நுழையும் நேரம் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதன் பிறகு அந்த விண்கலத்திடமிருந்து எந்தச் சமிக்ஞையும் வரவில்லை.

இறங்கும்போதே பூமிக்குத் தகவல் அனுப்பும் வசதி அதில் இல்லை. அதனால் கடைசி நிமிடங்களில் நடந்ததை நேரடியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. விண்கலத்தின் வரைபடங்கள், மென்பொருள், சோதனைப் பதிவுகள் அனைத்தையும் விசாரணைக் குழு ஒன்று அலசி, 2000 மார்ச்சில் அறிக்கை தந்தது. அதில் சொல்லப்பட்ட காரணங்களில் மிகவும் நம்பத்தகுந்தது இதுதான்: தரையைத் தொடுவதற்கு முன்பே, ‘தொட்டுவிட்டோம்’ என்று முடிவு செய்து கணினி எஞ்சின்களை நிறுத்திவிட்டது.

இந்த விபரீதத்தை விளக்க அறிக்கை ஒரு படத்தைத் தருகிறது. ஒரு பக்கம், முழு விண்கலத்துக்கும் எழுதப்பட்ட தேவைகள். மறுபக்கம், அவற்றிலிருந்து மென்பொருளுக்காக எழுதப்பட்ட தேவைகள். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் பிழை எங்கே நுழைந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இப்படி இணைத்துப் பார்ப்பதை, பொருளை அனுப்புவதற்கு முன்பே, எல்லாத் தேவைகளுக்கும் செய்து வைக்கும் ஆவணத்தைப் பொறியாளர்கள் ‘டிரேசபிலிட்டி மேட்ரிக்ஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘தடமறி அட்டவணை’ எனலாம். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ‘ஆர்.டி.எம்.’ என்று சொல்வதும் இதைத்தான்.

அட்டவணையின் அமைப்பு எளிது. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வரிசை. அதற்கு ஓர் எண். அந்தத் தேவையை நிறைவேற்றும் வடிவமைப்பு எது, அது நிறைவேறியதா என்று சரிபார்த்த சோதனை எது, சோதித்த பொருளின் எந்தப் பதிப்பு ஒப்படைக்கப்பட்டது என்பவை அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். இடமிருந்து வலமாகப் படித்தால் கவனிக்கப்படாமல் விடுபட்ட தேவை தெரியும். வலமிருந்து இடமாகப் படித்தால், யாரும் கேட்காமலே உள்ளே வந்துவிட்ட வேலை தெரியும்.

போலார் லேண்டரின் ஒரே ஒரு தேவையை மட்டும் இந்தக் கட்டங்களின் வழியே நடத்திப் பார்ப்போம்.

விண்கலத்துக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும், தரை தட்டியதை உணர்த்தும் உணரி ஒன்று. கால் தரையில் பட்டதும் எஞ்சின்கள் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் உந்துதலே கலத்தைக் கவிழ்த்துவிடக்கூடும். ஆகவே முழு விண்கலத்துக்கான தேவை ஆவணம் இந்த உணரிகளைப் பற்றி இப்படிச் சொன்னது: உணரிகளை நொடிக்கு 100 முறை படிக்க வேண்டும். கணினியின் வேலைச் சுமை திடீரென ஏறாமல் சீராக இருக்க, இந்தப் படிப்பை வளிமண்டலத்தில் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். ஆனால் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்துக்கு வரும்வரை அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது. உணரி பழுதாகத் தோன்றினால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு படிப்புகளில் ஓர் உணரி ‘தரை’ என்று காட்டினால் தரை தட்டியதாகக் கொள்ளலாம்.

இதில் 12 மீட்டர் நிபந்தனைதான் முக்கியமானது. கலம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது மடங்கியிருந்த கால்கள் விசையோடு விரியும். அந்த உதறலில் உணரிகள் ஒரு கணம் ‘தரை’ என்று பொய்யாகச் சொல்லக்கூடும். அந்தப் பொய்ச் சமிக்ஞையிலிருந்தும், பழுதான உணரியிலிருந்தும் காப்பதற்காகவே அந்த நிபந்தனை. ஆனால் காரணம் ஆவணத்தில் எழுதப்படவில்லை. ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற கட்டளை மட்டும் இருந்தது.

அடுத்த கட்டம், மென்பொருளுக்கான தேவை. நொடிக்கு 100 முறை படிப்பது அங்கே வந்தது. பழுதான உணரியைக் கண்டுபிடித்து விலக்குவதும் வந்தது. அடுத்தடுத்த இரண்டு படிப்புகள் என்ற விதியும் வந்தது. தரை தட்டிய அறிவிப்பை ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் இயக்க வேண்டும் என்பதும் வந்தது. நடைமுறையில் அந்த உயரம் 40 மீட்டராக வைக்கப்பட்டது. விடுபட்டது ஒன்றே ஒன்று: அந்த உயரத்துக்கு முன்னால் சேர்ந்த தரவை ஒதுக்கிவிட வேண்டும் என்ற பொருள்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அதன் விளைவை மென்பொருளில் பார்ப்போம். ஓர் உணரி அடுத்தடுத்து இரு முறை ‘தரை’ என்று காட்டினால் நிரல் அதை நினைவில் குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு பிறகு அழிவதில்லை. 1,500 மீட்டரில் கால் விரிகிறது, பொய்ச் சமிக்ஞை எழுகிறது, குறிப்பு விழுகிறது. 40 மீட்டரில் அறிவிப்பு இயக்கப்படும்போது நிரல் முதலில் உணரி பழுதா என்று பார்க்கிறது. உணரி இப்போது அமைதியாக இருப்பதால் ‘நல்ல உணரி’ என்று தேர்ச்சி பெறுகிறது. அடுத்து, தரை தட்டியதா என்று தன் நினைவைப் பார்க்கிறது. அங்கே பழைய குறிப்பு காத்திருக்கிறது. எஞ்சின்கள் நிற்கின்றன.

40 மீட்டரில் கலம் நொடிக்கு சுமார் 13 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் இல்லாமல் அங்கிருந்து விழுந்தால் நொடிக்கு சுமார் 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். திட்டமிட்ட வேகம் நொடிக்கு 2.4 மீட்டர். 40 மீட்டரில் அறிவிப்பை இயக்கும்போது அந்தக் குறிப்பை அழிக்கச் சொல்லும் ஒரு கட்டளை நிரலில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

அடுத்தது சோதனைக் கட்டம். கால்களை விரித்துப் பார்க்கும் சோதனை ஏவுதலுக்கு முன்பே நடந்தது. ஆனால் வடிவமைப்பில் நேர்ந்த தவறால் அப்போது உணரிகளின் மின்கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தன. எனவே பொய்ச் சமிக்ஞை எழுந்திருந்தாலும் கணினியை அடைந்திருக்காது. இணைப்புத் தவறு பின்னர் கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஆனால் சரியான இணைப்போடு, கால் விரியும் கட்டத்தையும் சேர்த்து அந்தச் சோதனை மீண்டும் நடக்கவில்லை.

கடைசிக் கட்டம், ஒப்படைப்பு. செவ்வாய்க்குப் போனது கம்பி சரியாக இணைக்கப்பட்ட கலம். சோதனையில் தேறியது கம்பி மாறியிருந்த கலம். வேறு வார்த்தையில் சொன்னால், அந்தத் தேவையைப் பொறுத்தவரை அனுப்பப்பட்ட பொருளைச் சோதித்த பதிவே கிடையாது. கலம் தொலைந்த பிறகு இதே வகைக் கால்களை விரித்துப் பார்த்தபோது பொய்ச் சமிக்ஞைகள் உண்மையாகவே எழுந்தன. சில மில்லிநொடிகளில் அடங்கியவையும் இருந்தன, 30 மில்லிநொடியைத் தாண்டியவையும் இருந்தன. 10 மில்லிநொடிக்கு ஒரு முறை படிக்கும் நிரலுக்கு, அடுத்தடுத்து இரு முறை ‘தரை’ என்று பதிய அந்த நீளம் தாராளமாகப் போதும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அட்டவணை என்ற ஒன்று இருந்தாலே இந்தப் பிழை பிடிபட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. உணரி பற்றிய தேவை முழுவதையும் ஒரே வரிசையில் போட்டிருந்தால் வடிவமைப்புக் கட்டத்தில் மென்பொருள் தேவையின் எண் இருந்திருக்கும், சோதனைக் கட்டத்தில் கால் விரிக்கும் சோதனையின் எண் இருந்திருக்கும். வெற்றுக் கட்டமே கண்ணில் பட்டிருக்காது. இணைப்பு இருக்கிறதா என்பதைத்தான் அட்டவணை காட்டும். இணைப்பு சரியானதா என்பதை மனிதர்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

படிப்பவருக்கு உதவ மூன்று வழக்கங்கள் உண்டு. மூன்றும் இந்தக் கதையிலிருந்தே விளங்கும்.

முதலாவது, ஒரு வரிசைக்கு ஒரே ஒரு தேவை. ‘ஆனால்’, ‘மேலும்’, ‘தவிர’ என்று தொடரும் வாக்கியங்களை உடைத்துத் தனி எண் கொடுக்க வேண்டும். ‘12 மீட்டருக்கு முன் சேர்ந்த தரவு முடிவெடுப்பதில் பயன்படக் கூடாது’ என்பது தனி வரிசையாக இருந்திருந்தால், அதன் வலப்பக்கம் எழுதுவதற்கு மென்பொருள் தேவையில் ஒரு வாக்கியம்கூடக் கிடைத்திருக்காது. கட்டம் வெறுமையாகவே நின்றிருக்கும்.

இரண்டாவது, காரணத்துக்கு ஒரு கட்டம். ‘கால் விரியும்போது உணரியில் பொய்ச் சமிக்ஞை எழலாம்’ என்ற ஒரே வரி போதும். அதைப் படிக்கும் நிரலாளர் பழுதான உணரியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். கணநேரச் சமிக்ஞையையும் யோசிப்பார். சோதனை செய்பவருக்கும் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, மாற்றம் வந்தால் இணைப்பை நம்பாமல் இருப்பது. ஒரு கட்டத்தில் இருப்பது மாறியவுடன் அதோடு இணைந்த கட்டங்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை என்று குறிக்கப்பட வேண்டும். இதற்கான மென்பொருள் கருவிகளில் இந்தக் குறி தானாகவே விழும். விரிதாளில் வேலை செய்பவர்கள் கையால் போட வேண்டும். கம்பி இணைப்பு திருத்தப்பட்ட அன்றே கால் விரிக்கும் சோதனையின் ‘தேர்ச்சி’ செல்லாததாகியிருக்க வேண்டும். மறுசோதனை நடந்த பிறகுதான் அந்தக் குறியை எடுக்கலாம்.

இதற்குச் செலவு உண்டு என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கான தேவைகள் உள்ள திட்டத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் உடைத்து, இணைத்து, மாற்றம் வரும்போதெல்லாம் புதுப்பிப்பது சிலருக்கு முழுநேர வேலை. அதனால்தான் பல இடங்களில் அட்டவணை தணிக்கைக்கு முந்தைய வாரம் அவசரமாக நிரப்பப்படுகிறது. அப்படி நிரப்பப்பட்டதை அடையாளம் காண்பது கடினமல்ல. எத்தனையோ தேவைகளுக்கு எதிரே ஒரே சோதனை எண் திரும்பத் திரும்ப வரும். வடிவமைப்புக் கட்டத்தில் பத்தி எண் இருக்காது, முழு ஆவணத்தின் பெயர் மட்டும் இருக்கும். சோதனை நடந்த தேதி, கடைசி மாற்றத்தின் தேதிக்கு முந்தியதாக இருக்கும். இந்த மூன்றில் கடைசியானதே மிக ஆபத்தானது. போலார் லேண்டரின் சோதனையும் அந்த வகைதான்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கலம் 2001-இல் பறப்பதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. போலார் லேண்டர் தொலைந்ததும் அந்தப் பயணம் கைவிடப்பட்டு, கலம் கிடங்குக்குப் போனது. பிறகு அதையே எடுத்து, அறிக்கைகள் சுட்டிக்காட்டிய குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, சோதித்து, ‘ஃபீனிக்ஸ்’ என்ற பெயரில் அனுப்பினார்கள். 2008 மே 25 அன்று அது செவ்வாயின் வட துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஓர் அட்டவணை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரிசையைத் தொடுங்கள். அதில் சொல்லப்பட்ட சோதனையின் முடிவைத் திறந்து வையுங்கள். தேவையில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையும் அந்தச் சோதனையில் உண்மையாகவே நிகழ்த்திப் பார்க்கப்பட்டதா? சோதிக்கப்பட்ட பதிப்பும் ஒப்படைத்த பதிப்பும் ஒன்றுதானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று ஆதாரத்தோடு சொல்ல முடியாவிட்டால், அந்தக் கட்டம் நிரம்பியதாகத் தெரிந்தாலும் வெற்றுக் கட்டம்தான்.