தீபாவளிக் கூட்டம் கலைந்த பிறகு

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு நடுத்தர ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. இரண்டு வாரம் போனால் அதே கடையில் விற்பனைப் பெண்கள் கலைந்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள். போனஸ் பணம் செலவாகிவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் புதுத்துணி எடுத்தாயிற்று. வாடகையும் சம்பளமும் கரண்ட் பில்லும் மட்டும் பண்டிகை மாதத்தைப் போலவே வந்து நிற்கும். பொங்கல் வியாபாரம் தொடங்கும்வரை இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பது சின்னக் கடைக்காரர்களின் பெரிய கவலை.

பலர் உடனே வாசலில் பேனர் கட்டி, எல்லாவற்றுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது பழகிய வழிதான். கல்யாணம் இல்லாத ஆடி மாதத்தில் கடை காலியாகக் கிடக்கக்கூடாதென்று தொடங்கிய ஆடித் தள்ளுபடி, இன்று தானே ஒரு சீசனாகிவிட்டது. அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆடி வந்தால் விலை குறையும் என்று தெரிந்தவர், ஆனியில் எடுக்க வேண்டியதைத் தள்ளிப்போடுகிறார். தீபாவளிக்குப் பின்னும் வருடாவருடம் பேனர் ஏறினால், வாடிக்கையாளர் அதற்கும் பழகிவிடுவார்.

இன்னொரு வழி, தீபாவளி பில்லிலேயே அடுத்த வருகைக்கு விதை போடுவது. அமெரிக்காவில் கோல்ஸ் என்ற பல்பொருள் கடைத் தொடர் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. 50 டாலருக்கு வாங்கினால் 10 டாலர் என்ற கணக்கில் ஒரு கூப்பன் தருவார்கள். அதை அன்றைய பில்லில் கழிக்க முடியாது. பின்னால் குறித்த சில நாட்களுக்குள் திரும்பி வந்துதான் பயன்படுத்த வேண்டும். பேனர் தெருவில் போகிற எல்லாரையும் அழைக்கிறது. கூப்பனோ ஏற்கெனவே வாங்கியவரை மட்டும், கடை காலியாக இருக்கும் நாட்களில் அழைக்கிறது.

அந்த நாட்கள் எவை என்பதைக் கடையின் பழைய பில்களில்தான் தேட வேண்டும். கார்த்திகையில் கல்யாண முகூர்த்தங்கள் உண்டு. பட்டுப்புடவைக் கடைக்கு அது மந்தமான மாதம் அல்ல, மார்கழிதான் மந்தம். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பல ஊர்களில் டிசம்பர் கிறிஸ்துமஸ் வியாபார மாதம். அங்கே டிசம்பருக்குக் கூப்பன் கொடுத்தால், எப்படியும் வரப்போகிறவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் முடியும். எந்த ஊரானாலும் பொங்கல் துணி எடுக்கத் தொடங்கும் முன்பே கூப்பன் காலாவதியாகிவிட வேண்டும். ஜனவரி 14 வரை நீட்டினால் பாதிப் பேர் அதைப் பொங்கல் துணிக்கே வைத்துக்கொள்வார்கள்.

இனி ஒரு கணக்கு. ரெடிமேட் கடை ஒன்றில் ஆயிரம் ரூபாய் விற்பனைக்கு 300 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மந்தமான மாதத்தில் அங்கே சராசரி பில் 1,000 ரூபாய். தீபாவளிக்கு வாங்கிய 900 பேருக்கு 200 ரூபாய்க் கூப்பன் போகிறது. 1,200 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கினால்தான் செல்லும். இந்த வரம்பு வழக்கமான பில்லுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதைக் கவனிக்க வேண்டும். வரம்பு 800 என்றிருந்தால், 800 ரூபாய்க்கு வாங்குபவரிடம் கடைக்குக் கிடைக்கும் 240-இல் 200 கூப்பனுக்கே போய்விடும்.

கூப்பனோடு 135 பேர் திரும்பி வருகிறார்கள், சராசரி பில் 1,400 ரூபாய் என்போம். ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் 420. கூப்பன் 200 போக 220. மொத்தம் 29,700 ரூபாய். கடைக்காரர் மகிழ்ந்துபோவார். ஆனால் இந்த 135 பேரில் கூப்பன் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, லாப நஷ்டம் அதில்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பில் போடும்போது வாங்குகிற போன் நம்பரில் கடைசி எண் 7 என்று முடிபவர்களுக்குக் கூப்பன் அனுப்பாமல் விட்டுவிட வேண்டும். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் தானாகவே ஒதுங்கிவிடுவார். கூப்பன் கையில் தரப்படாமல் போனில் போவதால், வரிசையில் நிற்பவர் "எனக்கு இல்லையா அண்ணா?" என்று கேட்கும் சங்கடமும் இல்லை. மாதம் முடிந்ததும் அந்த நம்பர்களில் எத்தனை மறுபடி பில்லில் வந்திருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

நூற்றுக்கு ஐந்து பேர் வந்திருந்தால், 900 பேரில் 45 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். ஆளுக்கு 300 வீதம் 13,500 ரூபாய் எப்படியும் கிடைத்திருக்கும். அதைக் கழித்தால் கூப்பன் கொண்டுவந்த உண்மையான லாபம் 16,200. நூற்றுக்குப் பதினோரு பேர் வந்திருந்தால்? 99 பேர், ஆளுக்கு 300. சரியாக அதே 29,700. கடை நிறைந்திருக்கும், கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது, செய்தி அனுப்பிய செலவுதான் மிஞ்சும். நூறு பேரை வைத்துப் பார்க்கும்போது ஓரிருவர் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

செய்தியை மாதத்தின் முதல் வாரத்தில், சம்பளம் கைக்கு வந்தவுடன் அனுப்புவது பலன் தரும். குறுஞ்செய்தி என்றால், வணிகச் செய்திகளுக்கான விதிப்படி அனுப்புபவரின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனத்திடம் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இது அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. தீபாவளிக்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.

கூப்பனைவிட முக்கியம், வந்தவருக்கு எடுக்க ஏதாவது இருப்பது. தீபாவளி முடிந்த கடையில் அளவுகள் உடைந்து கிடக்கும்: இந்த டிசைனில் பெரிய அளவு மட்டும், அந்த நிறத்தில் சிறியது மட்டும். கூப்பனோடு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த பண்டிகைக்கும் வேறு கடைக்குப் போய்விடக்கூடும். அந்த மாதத்துக்குத் தேவைப்படும் நைட்டி, உள்ளாடை, லெகிங்ஸ், ஆபீஸ் சட்டை, பனிக்கு ஸ்வெட்டர், மாலை போடுபவர்களுக்குக் கறுப்பு வேட்டி ஆகியவற்றை எல்லா அளவிலும் கொஞ்சமாவது வாங்கி வைக்க வேண்டும். எடுத்த துணியோடு பில் போட வந்தவரிடம் "இந்த ரகத்துக்குக் கூப்பன் செல்லாதுங்க" என்று சொல்வதைப்போலக் கசப்பு வேறில்லை. விலக்கு இருந்தால் அது செய்தியிலேயே இருக்க வேண்டும், விற்பனைப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடிக்கடி வாங்கப்படும் இனிப்பு, காரம், காபி விற்கும் கடைக்கு முத்திரை அட்டை பொருந்தும். ஆய்வாளர்கள் நூனஸும் ட்ரெஸும் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருடையதில் எட்டு முத்திரை சேர்ந்தால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை வேண்டும், ஆனால் இரண்டு முன்பே குத்தப்பட்டிருந்தது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் அட்டையை முடித்தார்கள். இரண்டாவதில் 34 சதவீதம். தீபாவளிக்கு இரண்டு கிலோ மைசூர்பாகு வாங்கியவருக்கு, அந்தப் பில்லுக்கே இரண்டு முத்திரை குத்தி அட்டையைப் பெட்டியோடு தரலாம்.

மிச்சம் குறைவாக உள்ள மளிகைக் கடையில் 200 ரூபாய்க் கூப்பன் தாங்காது. அழகு நிலையத்தில் நிலைமை நேர்மாறு. மார்கழி செவ்வாய்க்கிழமை மத்தியானம் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் கூடுதல் செலவு கொஞ்சம் க்ரீம் மட்டுமே. ஊழியரின் சம்பளம் எப்படியும் போகிறது. அங்கே பாதி விலைகூடத் தரலாம், வார நாள் மத்தியானத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு.